பழைய வரியில் போட்ட பில்லைத் திருத்துவது எப்படி?

2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, பற்பசை, ஷாம்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் ஆகியவற்றின் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. கடையின் பில்லிங் மென்பொருளில் விகிதத்தை மாற்றாமல் விட்டிருந்தால், அடுத்த நாளும் பழைய வரியே பில்லில் ஏறும். கூட்டல் சரியாக இருப்பதால் கடைக்காரர் கண்ணில் அது படாது. வாங்கியவர்தான் கண்டுபிடித்துக் கேட்பார்.

மொத்த வியாபாரி ஒருவர் அக்டோபரில் ஒரு மகளிர் விடுதிக்கு சோப்பும் பற்பசையும் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சரக்கின் விலை 8,000 ரூபாய். 18 சதவீத வரி 1,440 ரூபாய் சேர்த்து 9,440 ரூபாய்க்கு பில் போட்டு, பணமும் வாங்கிவிட்டார். தவறு தெரிந்ததும் பலர் 18-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசமான 13 சதவீதத்தை 9,440-இல் கணக்கிட்டுவிடுகிறார்கள். அது தப்பு. வரியில்லாத விலையில்தான் கணக்குப் பார்க்க வேண்டும். பில்லில் மொத்தத் தொகை மட்டும் இருந்தால் அதை 1.18-ஆல் வகுத்தால் அந்த விலை கிடைக்கும்.

பழைய பில்லை அடித்துத் திருத்தக் கூடாது. ஜிஎஸ்டி சட்டத்தின் 34-வது பிரிவின்படி கிரெடிட் நோட் போட வேண்டும். அதற்குத் தனி வரிசை எண்ணும் தேதியும் உண்டு; பழைய பில்லின் எண்ணையும் தேதியையும் அதில் குறிப்பிட வேண்டும். கூடவே ஒரு கடிதமும் போவது மரியாதை. அது இவ்வளவு இருந்தால் போதும்:

"அம்மா, எங்கள் பில்லில் பழைய வரி விகிதம் தவறாக ஏறிவிட்டது. பிழை எங்களுடையது, மன்னிக்க வேண்டும். சரியான கணக்கு:

சரக்கின் விலை: 8,000 ரூபாய்
வாங்கிய வரி (18%): 1,440 ரூபாய்
சரியான வரி (5%): 400 ரூபாய்
திருப்பித் தருவது: 1,040 ரூபாய்

இத்தொகையை இன்றே உங்கள் வங்கிக் கணக்கில் செலுத்துகிறோம். மென்பொருளில் விகிதத்தைத் திருத்திவிட்டோம்."

நான்கு வரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருப்பதால் விடுதிக் காப்பாளர் தாமே சரிபார்க்கலாம். "கணினிக் கோளாறு" என்று மழுப்புவதைவிட, எது தவறியது என்று சொல்லும் மன்னிப்புக்கே மதிப்பு. கிரெடிட் நோட்டில் அந்த 1,040 ரூபாயை மத்திய வரி 520, மாநில வரி 520 என்று பிரித்துக் காட்ட வேண்டும்.

நோட்டு மட்டும் போட்டுவிட்டுப் பணத்தைத் தராமல் இருக்க முடியாது. வரிச்சுமை வாங்கியவர் தலையிலேயே இருந்தால், வியாபாரி தன் வரிக்கணக்கில் அந்தத் தொகையைக் குறைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருவதில்லை. வரி என்று சொல்லி வாங்கிய பணத்தைத் தானே வைத்துக்கொள்ளவும் முடியாது. அரசுக்குக் கட்டியாக வேண்டும். ஆக, திருப்பிக் கொடுப்பதுதான் இருவருக்கும் நல்லது.

2025-26 நிதியாண்டு பில்களுக்கான கிரெடிட் நோட்டை 2026 நவம்பர் 30-க்குள், ஆண்டுக் கணக்கை அதற்கு முன்பே தாக்கல் செய்தால் அதற்குள், மாதக் கணக்கில் காட்டிவிட வேண்டும். அந்த வருடத்து பில்கள் கையில் இருந்தால், இப்போதே எடுத்து வரி விகிதத்தைப் பாருங்கள்.