பற்றரி வீங்கினால் பற்றரியை மட்டும் மாற்றாதீர்கள்

கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு கிளினிக் நோயாளர்களை ஏற்றிச் செல்லும் வான் அது. பற்றரி முன் இருக்கைக்குக் கீழே இருந்தது. ஆனையிறவைத் தாண்டியதும் வாகனத்துக்குள் கூழ்முட்டை நாற்றம் வந்தது. கடலேரிச் சேற்றின் மணமாக இருக்கும் என்று சாரதி நினைத்தார். பளை கடந்தபோது நாற்றம் குறைந்துவிட்டது போலிருந்தது. ஆனால் முன்னால் இருந்த அம்மாவுக்குத் தலையிடியும் கண்ணெரிவும் தொடங்கின. கொடிகாமத்தில் வானை நிறுத்தி இருக்கையைத் தூக்கிப் பார்த்தார்கள். பற்றரியின் பக்கங்கள் பலூன் போல வீங்கியிருந்தன. கை வைக்க முடியாத சூடு.

அந்தப் பற்றரி வாங்கி மூன்று கிழமைதான். அதற்கு முன்னிருந்ததும் இப்படியே வீங்கியதால்தான் புதிதாக வாங்கியிருந்தார். கடையில் ஏமாற்றிவிட்டார்கள் என்றே அவர் நம்பினார். ஆனால் கோளாறு பற்றரியில் இல்லை. அதற்கு மின்னேற்றும் அல்ரநேற்றரில், அதற்குள் இருக்கும் ரெகுலேற்றர் என்ற சிறு பாகத்தில் இருந்தது.

ரெகுலேற்றரின் வேலையைப் புரிந்துகொள்ள எங்களுக்குத் தூரம் போகத் தேவையில்லை. பற்றரிகளுக்குத் தடை இருந்த போர்க்காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள். மெதுவாக மிதித்தால் குரல் அடங்கும், வேகமாக மிதித்தால் உரக்கும். டைனமோவில் லைற்றைப் பூட்டிக்கொண்டு இறக்கத்தில் வேகமாகப் போனால் சில வேளை பல்ப் எரிந்தே போகும். சுற்றும் வேகம் கூடினால் மின்னழுத்தமும் கூடும் என்பதே காரணம்.

வாகனத்தின் அல்ரநேற்றரும் அப்படித்தான். ஆனால் சைக்கிள் டைனமோவில் இருப்பது நிலையான காந்தம். அல்ரநேற்றருக்குள் இருப்பதோ மின்சாரம் கொடுத்தால் மட்டும் காந்தமாகும் ஒரு சுருள். அந்தச் சுருளுக்கு எவ்வளவு மின்சாரம் விடுவது என்பதைத் தீர்மானிப்பதுதான் ரெகுலேற்றர். வேகம் கூடும்போது அது காந்தத்தைக் குறைக்கும், வேகம் குறையும்போது கூட்டும். அதனால் எஞ்சின் எந்த வேகத்தில் ஓடினாலும் பற்றரிக்குச் சுமார் 13.8 முதல் 14.5 வோல்ற் வரைதான் போகும். ரெகுலேற்றர் உள்ளே பழுதாகி முழுதாகத் திறந்த நிலையில் நின்றுவிட்டால், அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்க மின்னழுத்தம் 16, 17 வோல்ற் என்று ஏறும்.

நிரம்பிய பற்றரிக்குள் மேலும் மின்சாரத்தைத் திணித்தால் அது சேமிக்கப்படுவதில்லை. அமிலத்தில் உள்ள நீரை ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிக்கும் வேலையில் செலவாகும். மூடிய பற்றரிகளில் வாயு வெளியேற மிகச் சிறிய துவாரமே உண்டு. அதனால் போகக்கூடியதை விடக் கூடுதலாக வாயு உருவானால் உள்ளே அழுத்தம் ஏறும். சூட்டில் இளகிய பிளாஸ்ரிக் பெட்டி அந்த அழுத்தத்தில் புடைக்கும். நீர் வற்றிச் சூடு கூடியதும் சல்பூரிக் அமிலத்தில் உள்ள கந்தகம் ஐதரசன் சல்பைட் வாயுவாக வரத் தொடங்கும். கூழ்முட்டை நாற்றம் அதனுடையது.

இதில் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஐதரசன் சல்பைட் நச்சு வாயு. அதற்கு மூக்கு விரைவில் பழகிவிடும், செறிவு கூடினால் மணக்கும் சக்தியே மழுங்கிவிடும். பளையில் நாற்றம் குறைந்தது போல் தோன்றியதை நல்ல அறிகுறியாக எடுத்திருக்கக் கூடாது. மற்றது ஐதரசன். காற்றில் அது 4 சதவீதம் கலந்தாலே ஒரு சிறு தீப்பொறியில் வெடிக்கும். வெடித்தால் அமிலம் முகத்தில்தான் தெறிக்கும்.

ஆகவே நாற்றம் வந்தவுடன் வாகனத்தை ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தி, கதவுகளைத் திறந்து எல்லோரும் இறங்க வேண்டும். பக்கத்தில் சிகரெட், நெருப்புப்பெட்டி எதுவும் வேண்டாம். எஞ்சின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றக் கூடாது. வேறு வாகனத்திலிருந்து வயர் பூட்டி ஸ்ராட் பண்ணவும் கூடாது. பற்றரி நன்றாக ஆறிய பிறகு, முதலில் நெகற்றிவ் வயரைக் கழற்றுங்கள். அமிலம் தோலிலோ கண்ணிலோ பட்டால் ஓடும் தண்ணீரில் நீண்ட நேரம் கழுவி வைத்தியசாலைக்குப் போங்கள்.

சரி, குற்றவாளி ரெகுலேற்றர்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அந்த வானைக் கராஜுக்குக் கட்டி இழுத்துச் சென்றார்கள். வீங்கிய பற்றரியில் சோதிப்பது ஆபத்து என்பதால் மெக்கானிக் நல்ல பற்றரி ஒன்றை இரவலாகப் பூட்டினார். மல்ரிமீற்றரை 20 வோல்ற் டீசி அளவில் வைத்து பற்றரியின் இரு முனைகளிலும் பிடித்தார். எஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்ற். ஸ்ராட் பண்ணி ஐடிலில் விட்டபோது 14.6. எஞ்சின் வேகத்தை 1500 சுற்றுக்கு உயர்த்தியதும் 15.7. 2500 சுற்றில் 16.9. அத்துடன் அவர் எஞ்சினை நிறுத்திவிட்டார். வேகத்தோடு சேர்ந்து மின்னழுத்தமும் ஏறினால் அதைக் கட்டுப்படுத்த யாரும் இல்லை என்று அர்த்தம். எந்த வேகத்திலும் 15 வோல்ற்றைத் தாண்டுவது சரியில்லை.

ஆனால் இதே நாற்றம் வேறு ஒரு காரணத்தாலும் வரலாம். பற்றரிக்குள் இருப்பவை ஆறு கலங்கள். பழைய பற்றரியில் ஒரு கலம் உள்ளே தகடோடு தகடு முட்டிச் செத்துப்போனால், ஆறு கலங்களுக்கான 14.2 வோல்ற்றை மீதி ஐந்தும் தாங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 2.4 வோல்ற்றுக்குள் இருக்க வேண்டியது 2.8 ஆகிவிடும். அந்த ஐந்தும் கொதிக்கும். அப்போது எஞ்சின் ஓடாதபோது பற்றரி 10.5 வோல்ற் அளவுதான் காட்டும், அல்ரநேற்றரோ எந்த வேகத்திலும் சரியான அளவையே கொடுக்கும். அந்த நிலையில் மட்டும்தான் பற்றரியை மாற்றினால் போதும்.

ரெகுலேற்றரைப் பழி சொல்வதற்கு முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பல அல்ரநேற்றர்களில் பற்றரியின் மின்னழுத்தத்தை ரெகுலேற்றருக்குச் சொல்ல ஒரு தனி வயர் உண்டு. அந்த வயரின் பூட்டு பச்சை பிடித்து அரித்திருந்தால், 14 வோல்ற்றை 13 என்று அது பொய் சொல்லும். நல்ல ரெகுலேற்றரும் அதை நம்பி ஒரு வோல்ற்றைக் கூட்டிக் கொடுக்கும். பூட்டைச் சுத்தம் செய்தாலே அது சரியாகிவிடும்.

அந்த வானில் பூட்டுகள் சுத்தமாக இருந்தன. ரெகுலேற்றரை மட்டும் கழற்றிப் புதிதாகப் போட்டதும் ஐடிலிலும் 2500 சுற்றிலும் மீற்றர் 14.2 வோல்ற்றில் அசையாமல் நின்றது. ரெகுலேற்றர் பெரும்பாலும் ஒரு புதிய பற்றரியை விட மலிவு. முதல் பற்றரி வீங்கிய அன்றே இரண்டு நிமிடம் மீற்றர் பிடித்திருந்தால், இரண்டாவது பற்றரியின் காசு அவர் கையில் இருந்திருக்கும்.

சாரதி பிறகு யோசித்துப் பார்த்தபோது முன்னறிகுறிகள் நினைவுக்கு வந்தன. அக்சிலேற்றரை மிதிக்கும்போது ஹெட்லைற் கூடப் பிரகாசமாகும். இரண்டு மாதத்தில் மூன்று பல்ப் போயிருந்தது. தண்ணீர் விடும் பற்றரி என்றால் அடிக்கடி நீர் குறைவதும் தெரிந்திருக்கும். டாஷ்போர்ட்டில் உள்ள பற்றரி லைற்றை மட்டும் அவர் நம்பியிருந்தார். பல பழைய வாகனங்களில் அது மின்னேற்றம் நடக்காதபோதுதான் எரியும். கூடுதலாக ஏற்றும்போது எரியாது.

வீங்கிய பற்றரியைத் திரும்பப் பாவிக்க முடியாது. அதை உடைக்காமல், அமிலத்தை நிலத்தில் ஊற்றாமல், பழைய பற்றரி எடுக்கும் கடையில் கொடுங்கள். அதில் ஈயம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே ஊற்றுவது கீழே கிணற்றுக்குத்தான் போகும்.