கடன் தீர்ந்த பின்னும் பதிவுச் சான்றில் நிற்கும் பெயர்

கடன் பெற்று டிராக்டரோ மோட்டார் சைக்கிளோ வாங்கியவர்கள் இன்று நம் கிராமங்களில் ஏராளம். தவணைகளைத் தவறாமல் செலுத்திக் கடைசி ரசீதையும் பெற்றுக்கொண்டவுடன், வண்டி முழுவதும் தமக்கே சொந்தமாகிவிட்டதென்று அவர்கள் எண்ணுகிறார்கள். கடனைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் சரியே. ஆனால், வண்டியின் பதிவுச் சான்றில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் அப்படியேதான் இருக்கும். அது தானாக அழிவதில்லை. உரிமையாளர் விண்ணப்பித்தாலன்றி நீங்குவதுமில்லை.

அப்பெயர் சான்றில் ஏறுவதன் காரணத்தை முதலில் அறிதல் வேண்டும். நகையை அடகு வைத்தால் நகை வங்கியின் பெட்டிக்குள் போய்விடுகிறது. வண்டிக் கடனிலோ வண்டி நம்மிடமே இருக்கிறது. அதை ஓட்டிச் சம்பாதித்தே கடனையும் அடைக்கிறோம். பொருள் கடனாளியின் கையில் இருக்க, அதன் மீதான உரிமை மட்டும் கடன் கொடுத்தவருக்கு ஈடாக இருக்கும் இவ்வேற்பாட்டிற்கு ஹைப்பாத்திகேஷன் என்று பெயர். அலுவலகப் பேச்சில் ‘எச்.பி.’ என்பார்கள். பொருள் கையில் இல்லாத கடன் கொடுத்தவருக்குப் பாதுகாப்பு வேண்டுமல்லவா? அதற்காகவே 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 51ஆம் பிரிவின் கீழ், அவரது பெயரைப் பதிவுச் சான்றில் குறிக்கச் செய்கிறது. அப்பெயர் இருக்கும் வரையில், அவருடைய எழுத்து மூலமான சம்மதமின்றி வண்டியை மற்றொருவர் பெயருக்கு மாற்ற இயலாது. ஒப்பந்தம் முடிந்ததற்கான ஆதாரத்தைக் காட்டி விண்ணப்பித்தால் அக்குறிப்பை நீக்கலாம் என்பதும் அதே பிரிவில் உள்ளது.

விண்ணப்பிக்காமல் விட்டால் நேருவதை எங்கள் வட்டாரத்து விவசாயி ஒருவரின் அனுபவத்தால் விளக்கலாம். அவர் 2019 ஜனவரியில் டிராக்டர் கடன் பெற்றார். அறுவடையை ஒட்டி ஆறு மாதத்திற்கொரு தவணையாகப் பத்துத் தவணைகள். 2024 ஜனவரியில் கடைசித் தவணையைக் கட்டினார். அடுத்த மாதம் கடன் நிறுவனம் இரண்டு காகிதங்களைக் கொடுத்தது. ஒன்று, பாக்கி ஏதுமில்லை, பெயரை நீக்க ஆட்சேபணை இல்லை என்னும் கடிதம். மற்றொன்று 35ஆம் எண் படிவம். இரண்டையும் பத்திரமாகப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பத்திரப்படுத்தும் பழக்கம் நல்லதுதான். ஆனால் இவை வைத்துக் காப்பதற்கான காகிதங்கள் அல்ல, கொண்டுபோய்க் கொடுப்பதற்கானவை.

2025 ஆகஸ்டில் அவர் டிராக்டரை விற்க முற்பட்டு, முன்பணமும் பெற்றார். பெயர் மாற்ற வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் சென்றபோதுதான் தடை தெரிந்தது. பெட்டியிலிருந்த கடிதத்தைக் காட்டினார். அது ஒன்றரை ஆண்டு பழையது. இத்தகைய கடிதங்களைப் பொதுவாக மூன்று மாத காலத்திற்குள் பயன்படுத்த வேண்டும். பல கடிதங்களில் அக்காலக்கெடு அச்சிடப்பட்டே இருக்கும். புதிய கடிதம் பெறக் கிளைக்குப் போனால், பழைய கணக்கு தலைமையகத்திலிருந்து வர வேண்டும் என்றனர். மூன்று வாரங்கள் கழிந்தன. அதற்குள் வாங்க வந்தவர் முன்பணத்தைத் திருப்பிப் பெற்றுக்கொண்டு வேறொரு டிராக்டரை வாங்கிவிட்டார். உழவுப் பருவம் முடிந்தபின் அவ்விலை கிடைக்கவில்லை.

ஆகையால், கடைசித் தவணை கட்டிய உடனேயே செய்ய வேண்டியவற்றைக் கூறுவோம். முதலாவது, கணக்கு உண்மையாகவே முடிந்ததா என்று பார்த்தல். தவணை தீர்ந்தது வேறு, கணக்கு முடிந்தது வேறு. என்றோ ஒரு தவணை சில நாள் தாமதமானதற்கான அபராதம், காசோலை திரும்பியதற்கான கட்டணம் முதலியன சில நூறு ரூபாயாகக் கணக்கில் நிற்கக்கூடும். பாக்கி பூஜ்யம் என்று காட்டும் கணக்கு விவரத்தை எழுத்தில் கேட்டுப் பெறுக. அதே நிறுவனத்தில் வேறு கடனோ பிறருக்குக் கொடுத்த ஜாமீனோ இருந்தால், அதைக் காட்டிக் கடிதத்தை நிறுத்தி வைப்பதும் உண்டு. அவ்விதமாயின் காரணத்தையும், ஒப்பந்தத்தில் அதற்குரிய ஷரத்தையும் எழுத்தில் தரும்படி கேட்பது நம் உரிமை.

இரண்டாவது, காகிதங்களை அங்கேயே நின்று சரிபார்த்தல். பெரும்பாலான விண்ணப்பங்கள் திரும்புவது இங்கேதான். 35ஆம் படிவத்தில் வண்டியின் உரிமையாளரும் கடன் கொடுத்தவரும் ஆகிய இருவரும் கையொப்பமிட வேண்டும். நிறுவனத்தின் முத்திரையும் தெளிவாக இருத்தல் வேண்டும். இரண்டு பிரதிகளாகப் பெறுவது நலம். பதிவு எண், சேஸிஸ் எண், எஞ்சின் எண் ஆகியவற்றைப் பதிவுச் சான்றோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுக. நிறுவனத்தின் பெயரும் சான்றில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். உதாரணமாக, லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். இந்தியா வங்கியுடன் இணைந்தது. சான்றில் பழைய பெயரும் கடிதத்தில் புதிய பெயரும் இருந்தால் எழுத்தருக்கு ஐயம் எழுவது இயல்பே. இணைப்பு நேர்ந்ததைக் கடிதத்திலேயே ஒரு வரி குறிப்பிடச் சொன்னால் போதும்.

பிறகு விண்ணப்பம். `parivahan.gov.in` என்னும் தளத்தில் வண்டியின் பதிவு எண்ணையும் சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளையும் கொடுத்து, `Hypothecation Termination` என்னும் சேவையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டணம் எவ்வளவென்பது திரையிலேயே தெரியும். அங்கேயே செலுத்தி ரசீது பெறலாம். பொதுச் சேவை மையங்களிலும் இதைச் செய்து கொடுக்கிறார்கள். இங்கு ஓர் இடையூறு அடிக்கடி வருகிறது. தளம் அனுப்பும் ஒருமுறைக் குறியீட்டு எண், பதிவேட்டிலுள்ள கைபேசிக்கே செல்லும். வண்டி வாங்கிய நாளில் விற்பனையாளர் தம் எண்ணையே பதிந்திருந்தால் அவ்வெண் நமக்கு வராது. அப்படியானால் முதலில் கைபேசி எண்ணை மாற்றிக்கொள்ள வேண்டும். அசல் பதிவுச் சான்று, 35ஆம் படிவம், ஆட்சேபணையின்மைக் கடிதம், நடப்பு இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று ஆகியன தேவைப்படும். சில வங்கிகள் தம் சம்மதத்தை மின்னணு முறையில் நேரே பதிவேட்டிற்கு அனுப்பிவிடுகின்றன. அப்போதும் விண்ணப்பிக்க வேண்டியவர் உரிமையாளரே.

புதிய சான்று வந்ததும் கடன் கொடுத்தவரின் பெயர் அதில் இல்லையென்று பார்த்து, அதன் நகலை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கடன் வாங்கிய நாளில் பாலிசியிலும் அந்நிறுவனத்தின் பெயர் ஏறியிருக்கிறது. வண்டி திருடுபோனாலோ முற்றிலும் சேதமானாலோ, இழப்பீட்டுத் தொகை முதலில் அப்பெயருக்குரியவருக்கே சேரும் என்பது அக்குறிப்பின் பொருள். ஒரு ரூபாய் கூடப் பாக்கியில்லாதவரும், அப்போது பழைய கடன் நிறுவனத்திடம் போய்ச் சம்மதக் கடிதம் கேட்டு நிற்க நேரிடும். பாலிசி புதுப்பிக்கும் நாள் வரை காத்திராமல் அப்பெயரை நீக்கி மேற்குறிப்பு எழுதித் தரும்படி கம்பெனியைக் கேட்கலாம்.

கடிதம் தருவதில் நிறுவனமே தாமதித்தால் என்ன செய்வது? தனிநபர் கடன் வகையைச் சேர்ந்த கடன் முழுவதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டுமென்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13இல் உத்தரவிட்டது. தாமதத்திற்கு நிறுவனமே பொறுப்பானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு செலுத்த வேண்டுமென்றும் அதில் கூறியது. எனவே, கணக்கு முடிந்த தேதியைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நம் பிரதியில் வாங்கி வைக்க வேண்டும். வாய்மொழியாகப் பத்து முறை கேட்டதற்குச் சாட்சி இராது. முத்திரையிட்ட அப்பிரதியைக் கொண்டே மேல் அதிகாரிக்கும், பின்னர் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கும் முறையிட முடியும்.