நிழலைக் குறைத்தால் எதிரி தெரிவான்

தென்கொரியாவில் எந்த ஊருக்குப் போனாலும் 'பிசி பாங்' என்ற பலகை கண்ணில் படும். மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துக் கணினியில் விளையாடும் கடை அது. அங்கே உட்கார்ந்து 'பேட்டில்கிரவுண்ட்ஸ்' விளையாட்டைத் திறக்கும் அனுபவசாலி, உடனே சண்டைக்குப் போவதில்லை. முதலில் 설정 என்று எழுதியிருக்கும் அமைப்புத் திரைக்குள் நுழைகிறார். பல கடைகளில் கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டாலே முந்தையவர் செய்த மாற்றங்கள் அழிந்துவிடும். தன் கணக்கோடு ஒட்டி வராத அமைப்புகளை ஒவ்வொரு முறையும் கையால்தான் சரிசெய்ய வேண்டும்.

2017-இல் தென்கொரியாவின் புளூஹோல் நிறுவனம் வெளியிட்ட விளையாட்டு இது. ஒரு தீவில் நூறு பேர் வரை இறங்கிக் கடைசி ஆளாக நிற்கப் போராடுவார்கள். இருநூறு, முந்நூறு மீட்டர் தள்ளிப் புல்லில் படுத்திருப்பவனை யார் முதலில் பார்க்கிறார்கள் என்பதிலேயே பாதிச் சண்டை முடிந்துவிடும். அதனால் கொரிய ஆட்டக்காரர்கள் படத்தரப் பக்கத்தை அழகுக்கான பக்கமாகப் பார்ப்பதில்லை. அவர்களுக்கு அது கண்ணுக்கான பக்கம்.

그래픽 என்ற அந்தப் பக்கத்தில் நிழல், புல்வெளி, வெடிப்பு விளைவுகள் என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு தர அளவு. 낮음 என்றால் குறைவு, 높음 என்றால் உயர்வு. முன்னால் 매우 சேர்ந்தால் 'மிக'. கடைசிப் படி 울트라, அதாவது அல்ட்ரா. எல்லாவற்றையும் ஒரே படியில் வைப்பவர் புதியவர் என்று சொல்லிவிடலாம். கொரியாவில் '국민옵션' என்று ஒரு வழக்கு உண்டு. நாட்டு மக்கள் எல்லாரும் வைக்கும் அமைப்பு என்று பொருள். ஆளுக்கு ஆள் சிறு வேறுபாடு இருந்தாலும் சாரம் ஒன்றுதான். விளிம்புகளை மழுப்பும் ஆன்டி-அலையாசிங்கும் பரப்புகளின் மேல் ஒட்டும் படமான டெக்ஸ்ச்சரும் உச்சத்தில் இருக்கும். நிழலும் விளைவுகளும் அடிமட்டத்தில் இருக்கும்.

காரணம் இல்லாமல் இல்லை. தூரத்தில் இருப்பவனின் தலை திரையில் நாலைந்து புள்ளிகள்தான். விளிம்பு படிக்கட்டு போல் உடைந்து மினுமினுத்தால் அது தலையா, பாறையின் முனையா என்று தெரியாது. டெக்ஸ்ச்சர் பெரும்பாலும் கிராபிக்ஸ் அட்டையின் நினைவகத்தைத்தான் பிடிக்கிறது. கணக்கிடும் வேலையை அவ்வளவாகக் கூட்டுவதில்லை. நினைவகம் போதுமென்றால் உயர்த்துவதில் நஷ்டமில்லை. போதாவிட்டால் திரும்பும்போதெல்லாம் படம் ஒரு கணம் திக்கி நிற்கும். நிழலின் கதை வேறு. சூரியன் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் காட்சி எப்படி இருக்கும் என்று தனியே கணக்கிட்டால்தான் நிழல் எங்கே விழும் என்று தெரியும். அத்தனை செலவு செய்து கிடைக்கும் இருட்டு மூலையில் எதிரி வசதியாக ஒளிந்துகொள்கிறான்.

செலவு என்பதை எண்ணில் பார்ப்போம். வினாடிக்கு 144 முறை புதுப்பிக்கும் திரைக்கு ஒவ்வொரு படத்தையும் வரைய 6.9 மில்லிவினாடிதான் அவகாசம். ஒரு கணினி 9 மில்லிவினாடி எடுத்துக்கொண்டால் வினாடிக்கு 111 படங்கள்தான் கிடைக்கும். நிழலையும் விளைவுகளையும் இறக்கி அந்த இரண்டு மில்லிவினாடியை மிச்சப்படுத்த முடிந்தால் திரையின் முழுத் திறனும் பயன்படும்.

எதை இறக்குவது என்று தெரியாவிட்டால் ஒரு சோதனை உண்டு. படத்தை உள்ளுக்குள் எந்த அளவில் வரைவது என்று சதவீதத்தில் கேட்கும் அமைப்பை 100-இலிருந்து 70-க்கு மாற்றிப் பாருங்கள். நீளமும் உயரமும் இரண்டுமே 70 சதவீதம் ஆவதால், 1920×1080 திரையில் வரைய வேண்டிய புள்ளிகள் இருபது லட்சத்திலிருந்து ஏறக்குறைய பத்து லட்சமாகிவிடும். வினாடிக்கான பட எண்ணிக்கை கூடினால் கிராபிக்ஸ் அட்டைதான் திணறுகிறது. கூடவே இல்லை என்றால் தடை பெரும்பாலும் மையச் செயலியில் இருக்கிறது. அப்போது காட்சித் தூரத்தைக் குறைப்பதுதான் உதவக்கூடும். சோதனை முடிந்ததும் அதை 100-க்கே கொண்டுவந்துவிடுங்கள். 70-இல் தூரத்து மனிதன் கலங்கிய புள்ளியாகிவிடுவான்.

அடுத்து 키 설정, விசைகளின் பக்கம். கொரியாவுக்கே உரிய சிக்கல் ஒன்று இங்கேதான் இருக்கிறது. கொரிய விசைப்பலகையில் இடைவெளிப் பட்டைக்கு வலப்பக்கம் '한/영' என்று ஒரு விசை இருக்கும். ஒருமுறை தட்டினால் கொரிய எழுத்து, மறுமுறை ஆங்கில எழுத்து. தோழர்களுக்குக் கொரிய மொழியில் ஒரு வரி தட்டிவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பியவர் W-வை அழுத்துகிறார். ஆள் நகர்வதில்லை. திரையின் மூலையில் ㅈ என்ற எழுத்து மட்டும் வந்து நிற்கிறது.

நடந்தது இதுதான். கொரிய எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து அசையாகும். அடுத்து என்ன வருகிறது என்று பார்த்துச் சேர்க்க, ஓர் உள்ளீட்டு நிரல் விசைகளை முதலில் தானே வாங்கிக்கொள்கிறது. அது வாங்கிக்கொண்ட விசைக்குப் பதிலாக, விண்டோஸ் விளையாட்டுக்கு 229 என்ற எண்ணைத் தருகிறது. 'ஒரு விசையை உள்ளீட்டு நிரல் எடுத்துக்கொண்டது' என்பதுதான் அதன் பொருள். எந்த விசை என்ற விவரம் அதில் இல்லை. விசை பலகையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை நேரடியாக வாசிக்கும் விளையாட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. விசைகளை மாற்றி அமைக்கும் பக்கத்திலும் இதே கோளாறு வரலாம்: புதிய விசையை எவ்வளவு அழுத்தினாலும் கட்டம் காலியாகவே நிற்கும். 한/영 விசையை ஒருமுறை தட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அந்த விசையே இல்லாத சாதாரணப் பலகையில், விண்டோஸின் கொரிய அமைப்பு வலது Alt-க்கு அந்த வேலையைக் கொடுத்துவிடும். ஆகவே வலது Alt-இல் எந்தச் செயலையும் வைக்கக் கூடாது என்பேன். சண்டையின் நடுவில் அதை அழுத்தினால் அடுத்த விசை எதுவும் வேலை செய்யாமல் போகலாம்.

இந்தப் பக்கங்களின் அடியில் இருக்கும் இரண்டு பொத்தான்களைக் கொரிய மொழி தெரியாதவர்களும் அடையாளம் கண்டுவைக்க வேண்டும். 적용 என்பது மாற்றங்களை நடைமுறைப்படுத்தும். 초기화 எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோகும். குழம்பி இரண்டாவதை அழுத்தினால் அரைமணி நேர வேலை போய்விடும். ஸ்டீம் வழியாக விளையாடுபவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. நூலகப் பட்டியலில் விளையாட்டின் மேல் வலது சொடுக்கு செய்து, பண்புகள் பக்கத்தில் மொழியை மாற்றிக்கொள்ளலாம்.

கன்ட்ரோலருக்கான பக்கம் கொரிய விளையாட்டுகளில் முன்பு அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. கணினி, விசைப்பலகை, மவுஸ் என்றே அந்நாட்டு விளையாட்டுகள் வளர்ந்தன. 2023-இல் வந்த 'லைஸ் ஆஃப் பி' போன்றவற்றைக் கன்ட்ரோலரில் விளையாடுவதுதான் சுகம். அங்கே முதலில் பார்க்க வேண்டியது 데드존. ஸ்டிக்கை நடுவிலிருந்து எவ்வளவு தள்ளும்வரை விளையாட்டு கண்டுகொள்ளக் கூடாது என்பதை அது முடிவு செய்கிறது. பழகித் தேய்ந்த ஸ்டிக் கைவிட்ட பிறகும் சரியாக நடுவுக்குத் திரும்பாது. ஆள் தானாக நடப்பார், கேமரா மெல்லச் சுழலும். கன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டு, அசைவு நிற்கும்வரை அளவை ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். நின்ற இடத்துக்கு மேல் கூட்டினால் நுண்ணிய திருப்பங்கள் கைக்கு வராது.

ஒருமுறை அழுத்தியதற்கு இரண்டு அடி விழுகிறது, பட்டியலில் ஒரு வரிக்குப் பதில் இரண்டு வரி தாவுகிறது என்றால் கன்ட்ரோலர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஸ்டீமின் கன்ட்ரோலர் வசதியும் விளையாட்டும் ஒரே கருவியைத் தனித்தனியே வாசித்தால் இப்படித்தான் ஆகும். விளையாட்டின் பண்புகள் பக்கத்தில் ஸ்டீமின் வசதியை நிறுத்திவிட்டு, விளையாட்டை மூடித் திறந்து பாருங்கள். அப்போதும் இரட்டை அடி விழுந்தால்தான் பொத்தானைச் சந்தேகிக்க வேண்டும்.