வாதுமை இலையில் எத்தனை பச்சை?

மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் ஓர் இலையைக் கொடுத்து வரையச் சொன்னால், அது இலையைப் பார்ப்பதற்கு முன்பே பச்சைப் புட்டியைத் திறந்துவிடும். அதனால் இந்தப் பாடத்தில் பச்சையும் கறுப்பும் மேசைக்கே வரக்கூடாது. மஞ்சள், நீலம், சிவப்பு போஸ்டர் கலர் போதும். கூடவே ஆளுக்கு இரண்டு தண்ணீர்க் கிண்ணங்கள்: ஒன்று தூரிகையை அலச, இன்னொன்று வண்ணத்தில் சேர்க்க. ஒரே கிண்ணம் என்றால் பத்தே நிமிடத்தில் மஞ்சள் அழுக்காகிவிடும்.

இலைக்கு நாட்டு வாதுமையைத்தான் சொல்வேன். உதிரும் முன் சிவக்கும் மரம் அது. பாதி பச்சை, பாதி சிவப்பாக இருக்கும் இலையை ஆளுக்கொன்று பொறுக்கிவரச் சொல்லலாம்.

வெள்ளை அட்டைத் துண்டில் விரல் நக அளவு ஓட்டை போட்டு இலைமேல் வைத்துப் பார்க்க வேண்டும். முழு இலை கண்ணில் பட்டால் ‘இலை, பச்சை’ என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. ஓட்டைக்குள் தெரிவது வெறும் நிறம் மட்டுமே. பச்சை என்று நினைத்த இடம் அங்கே மஞ்சளாகவோ பழுப்பாகவோ தெரியும். நடுநரம்பின் அருகே, ஓரத்தில், சிவந்த திட்டில் என மூன்று இடங்களைப் பார்த்தால் போதும்.

இனி கலவை. பட்டாணி அளவு மஞ்சளில், தூரிகை நுனியில் தொட்ட நீலத்தைச் சேர்க்க வேண்டும். நீலத்தில் மஞ்சளை விட்டால் பாதிப் புட்டி மஞ்சள் தீர்ந்தாலும் இளம்பச்சை வராது. கிடைக்கும் பச்சை பிளாஸ்டிக் பொம்மைபோலப் பளிச்சென்று இருக்கும். அதில் சிவப்பைத் துளி தொட்டால் பளபளப்பு அடங்கி இலைப் பச்சை ஆகும். சிவப்பு கூடிப்போனால் பழுப்பு வரும். அதைக் கொட்ட வேண்டாம், காய்ந்த ஓரத்துக்கு அதுதான் நிறம். சில நீலங்களில் ஊதாச் சாயல் இருக்கும். அதிலேயே சிவப்பின் சாயல் இருப்பதால் பச்சை தானாகவே மங்கிவரும். அப்போது சிவப்பு தேவைப்படாது.

கலந்ததை அட்டை ஓட்டையின் விளிம்பில் ஒரு புள்ளி வைத்து இலையோடு ஒப்பிட வேண்டும். காய்ந்தால் நிறம் மாறும், அதனால் காய்ந்த பிறகே முடிவு. மூன்று நிறமும் ஒத்துவந்த பின்தான் இலையை வரையத் தொடங்குவது.

கடைசியில் கண்காட்சி நடை. படங்களைப் பெயரில்லாமல், எண் மட்டும் எழுதிக் கொடியில் கிளிப் போட்டு மாட்ட வேண்டும். இலைகளை மேசையில் கலைத்துப் பரப்ப வேண்டும். பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசாமல் நடந்து, எந்தப் படம் எந்த இலை என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு ஆசிரியர் “நல்லா இருக்கா?” என்று கேட்காமல், “எந்த இடத்தைப் பார்த்துக் கண்டுபிடிச்சே?” என்று கேட்க வேண்டும். இருவர் வெவ்வேறு இலையைச் சொன்னால், இரண்டையும் படத்தின் பக்கத்தில் பிடித்துப் பார்க்கலாம். இலை சுருளும் முன், அன்றைக்கே இதை முடித்துவிடுவது நல்லது.

யாராலும் இலை கண்டுபிடிக்க முடியாத படம் ஒன்றிரண்டு இருக்கும். பெரும்பாலும் அது மனதிலிருந்து வரைந்த பச்சையாக இருக்கும். அந்தப் பிள்ளையிடம் ஓட்டை அட்டையையும் இலையையும் திரும்பக் கொடுத்து, இன்னும் ஐந்து நிமிடம் விடுங்கள்.