அடுத்த மாதவிடாய் எந்தத் தேதியில்?

கல்யாணத்துக்கு நாள் குறித்தாலும், கோயில் பயணம் முடிவானாலும், பரீட்சை அட்டவணை வந்தாலும் நம் வீட்டுப் பெண்கள் காலண்டரை எடுத்து எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். "அன்னைக்கு எனக்கு வந்துடுமா?" என்ற கேள்விக்கு, போன தடவை வந்த தேதியோடு 28 நாளைக் கூட்டிப் பதில் சொல்வது வழக்கம். ஆனால் அந்த 28 பலருக்குப் பொருந்துவதில்லை. செயலி ஒன்றில் பதிவான 6 லட்சத்துக்கும் அதிகமான சுழற்சிகளை அலசி 2019-ல் வெளியான ஆய்வில், சரியாக 28 நாள் நீடித்தவை நூற்றுக்குச் சுமார் 13 மட்டுமே. அவற்றின் சராசரி 29.3 நாள்.

ஆகவே ஒவ்வொருவரும் தம்முடைய சராசரியைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு எண்ணத் தொடங்கும் நாள் சரியாக இருக்க வேண்டும். உதிரப்போக்கு நன்றாகத் தொடங்கும் நாளே முதல் நாள். அதற்கு முந்தைய நாள் துளித்துளியாகக் கறை பட்டிருந்தால் அது கணக்கில் சேராது. அந்த முதல் நாளிலிருந்து அடுத்த மாதவிடாயின் முதல் நாள் வரை உள்ள இடைவெளிதான் ஒரு சுழற்சி. போக்கு நின்ற நாளிலிருந்து எண்ணுவது நிறையப் பேர் செய்கிற தவறு. அப்படி எண்ணினால் நான்கைந்து நாள் குறைந்துபோகும்.

இரண்டு சகோதரிகளை எடுத்துக்கொள்வோம். அக்காவின் கடைசி ஆறு சுழற்சிகள் 28, 30, 29, 27, 30, 30 நாள்கள். தங்கைக்கு 24, 35, 27, 33, 25, 30. இரண்டையும் தனித்தனியே கூட்டினால் 174 வருகிறது. ஆறால் வகுத்தால் இருவருக்கும் சராசரி 29. இருவருக்கும் மார்ச் 3-ம் தேதி மாதவிடாய் தொடங்கியது என்றால், அடுத்தது இருவருக்கும் ஏப்ரல் 1 என்று கணக்கு சொல்லும்.

அக்காவுக்கு இது நல்ல பதில். அவருடைய மிகக் குறைந்த சுழற்சி 27, மிக நீண்டது 30. அதன்படி மார்ச் 30 முதல் ஏப்ரல் 2 வரையிலான நான்கு நாளில் எதிர்பார்க்கலாம். தங்கைக்கு அதே முறையில் பார்த்தால் 24-க்கு மார்ச் 27, 35-க்கு ஏப்ரல் 7. அவருக்குச் சொல்லவேண்டிய பதில் பன்னிரண்டு நாள் நீளமுள்ளது. அவரிடம் 'ஏப்ரல் 1' என்று ஒற்றைத் தேதியைச் சொல்வது தவறான நம்பிக்கையைக் கொடுப்பதாகும். சராசரி நடுப்புள்ளியை மட்டுமே காட்டும். எவ்வளவு முன்னே பின்னே போகும் என்பது ஒவ்வொரு மாத எண்ணையும் பார்த்தால்தான் தெரியும்.

இந்தப் பன்னிரண்டு நாளும்கூட உறுதியான வேலி அல்ல. ஆறு சுழற்சிகளைத்தான் பார்த்திருக்கிறோம். ஏழாவது சுழற்சி இதுவரை வந்ததிலேயே மிகக் குட்டையானதாகவோ மிக நீளமானதாகவோ இருக்க ஏழில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. ஒரு வருடக் குறிப்பு இருந்தால் அந்த வாய்ப்பு பாதியாகக் குறையும். அதனால் ஆறு மாதக் குறிப்பை வைத்துக் கணக்கிடுபவர்கள் இரண்டு பக்கமும் ஓரிரு நாள் கூட்டிக்கொள்வது நல்லது.

தங்கைக்கு மட்டும் ஏன் இப்படி அலைகிறது? சுழற்சியில் இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதியில் கருமுட்டை முதிர்கிறது. அது வெளியேறியபின் இரண்டாம் பகுதி. வெளியேறிய பிறகு மாதவிடாய் வருவதற்குப் பெரும்பாலும் இரண்டு வாரத்தை ஒட்டிய காலமே ஆகிறது; இதில் ஏற்ற இறக்கம் குறைவு. நீள்வதும் குறுகுவதும் முதல் பகுதிதான். கடும் காய்ச்சல், திடீரென்று எடை குறைவது, தூக்கமில்லாத மன உளைச்சல், தைராய்டு கோளாறு, பி.சி.ஓ.எஸ். என்று எதுவாக இருந்தாலும் கருமுட்டை வெளியேறுவது தாமதமானால் தேதியும் அத்தனை நாள் தள்ளிப்போகும். இந்த மாதம் அது எப்போது வெளியேறும் என்பதைப் பழைய மாதங்களின் சராசரியால் அறிய முடியாது.

இன்னும் தொலைவில் இருக்கும் தேதி என்றால் பதில் மேலும் விரிகிறது. மூன்றாவது மாதவிடாய் இருவருக்கும் சராசரிப்படி மே 29. மூன்று சுழற்சிகளின் ஏற்ற இறக்கமும் இதில் சேர்கின்றன. ஒரு மாதம் நீண்டால் அடுத்தது குறுகி ஓரளவு ஈடுகட்டும் என்பதால் இடைவெளி மூன்று மடங்காவதில்லை. சுமார் ஒன்றே முக்கால் மடங்காகிறது. அக்காவுக்கு ஒரு வாரம், தங்கைக்கு ஏறத்தாழ மூன்று வாரம். மூன்று மாதம் கழித்து வரும் கல்யாணத்துக்குத் தங்கை இன்றே தேதி பார்ப்பதில் பயனில்லை. முந்தைய மாதவிடாய் வந்தபின் எண்ணினால் போதும்.

குறித்துவைக்க மறந்த ஒரு மாதமும் கணக்கைக் கெடுக்கும். அக்கா இரண்டாவது இடைவெளி முடிந்த தேதியை எழுதாமல் விட்டார் என்றால் 30-ம் 29-ம் சேர்ந்து 59 ஆகிவிடும். இப்போது எண்கள் 28, 59, 27, 30, 30. சராசரி ஏறத்தாழ 35. ஒரு மறதிக்கு ஆறு நாள் தவறு! எண்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 30 கிடைக்கும். உண்மைக்கு அது மிக அருகில் இருக்கிறது. உங்கள் குறிப்பில் மற்றவற்றைப்போல் இரு மடங்கு எண் ஒன்று தென்பட்டால், சராசரி போடும் முன் அந்த மாதத்தை நினைவுபடுத்திப் பாருங்கள்.

நடைமுறையில் இந்த வித்தியாசம் உறைப்பது இரண்டு இடங்களில். விசேஷத்துக்காக மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையை, எதிர்பார்க்கும் தேதிக்குச் சுமார் மூன்று நாள் முன்பே தொடங்கச் சொல்வார்கள். தங்கை சராசரித் தேதியை நம்பி மார்ச் 29-ல் தொடங்கினால், 27-ம் தேதியே வந்துவிட்டிருக்கலாம். அவர் சராசரியை விட்டுவிட்டு, வரக்கூடிய முதல் நாளையே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எப்படியும் இந்த மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. இரத்தக் கட்டு வந்தவர்களுக்கு இது ஆபத்து.

இன்னொரு இடம், 'நாள் தள்ளிப்போச்சு' என்ற கவலை. ஏப்ரல் 5 வரை வராவிட்டால் அக்காவுக்கு அது உண்மையான தாமதம். கர்ப்பப் பரிசோதனை செய்துபார்க்கலாம். தங்கைக்கு அன்று தாமதம் என்றே சொல்ல முடியாது. ஏப்ரல் 7-ஐத் தாண்டினால்தான் அவர் தள்ளிப்போனதாகக் கொள்ளலாம். கர்ப்பமாக வாய்ப்பிருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உறவு நடந்து மூன்று வாரம் கழித்துச் செய்யும் பரிசோதனை தேதியைச் சார்ந்தது அல்ல. இப்படி அலையும் தேதிகளை வைத்துக் 'பத்திரமான நாள்' பார்த்துக் கருத்தடை செய்ய முயல்வது கூடவே கூடாது.

சுழற்சி 24 நாளுக்குக் குறைந்தாலோ 38-ஐத் தாண்டினாலோ, குறைந்ததற்கும் நீண்டதற்கும் வித்தியாசம் 9 நாளுக்கு மேல் தொடர்ந்து இருந்தாலோ மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். தங்கையின் வித்தியாசம் 11 நாள். அவர் பார்க்கத்தான் வேண்டும். வயதுக்கு வந்து ஓரிரு வருடமே ஆன பெண் பிள்ளைகளுக்கு 45 நாள் வரை போவது இயல்பு. நாற்பதைத் தாண்டியவர்களுக்குத் தேதி முன்னே பின்னே போகத் தொடங்கும். ஆனால் யாருக்கானாலும் மூன்று மாதம் வராமல் இருந்தால் காத்திருக்க வேண்டாம். போகும்போது சராசரியைச் சொல்லாதீர்கள். ஆறு மாதமும் தொடங்கிய தேதிகளை அப்படியே எழுதிக்கொண்டு போங்கள்.