'ஆட்சேபணை இல்லை' என்றால் மட்டும் போதாது

வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேர பிஎச்.டி. சேர நினைப்பவர், அலுவலகத்தில் என்.ஓ.சி. வாங்குவதைக் கடைசி வாரச் சடங்காக வைத்துக்கொள்கிறார். லெட்டர்ஹெட்டில் 'எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று ஒரு வரி, கீழே ஒரு கையெழுத்து, முத்திரை. அதை விண்ணப்பத்தோடு இணைத்துவிட்டால் தீர்ந்தது என்பது அவர் கணக்கு.

பல்கலைக்கழக மானியக் குழுவின் கணக்கு வேறு. 2022 நவம்பரில் அது வெளியிட்ட பிஎச்.டி. விதிமுறைகள், பகுதிநேர மாணவர் வேலை செய்யும் நிறுவனத்தின் உரிய அதிகாரியிடமிருந்து வரும் தடையின்மைச் சான்றில் மூன்று விஷயங்கள் தெளிவாக இருக்க வேண்டும் என்கின்றன. பகுதிநேரமாகப் படிக்க இவருக்கு அனுமதி உண்டு. ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்க இவருடைய அலுவல் பணி இடம் தருகிறது. தேவைப்பட்டால் கோர்ஸ்வொர்க்கை முடிக்க இவர் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார்.

முதல் வாக்கியத்தை எந்த நிர்வாகமும் எழுதிக் கொடுத்துவிடும். இரண்டாவதும் பெரிய சிக்கலில்லை. மூன்றாவதைப் படித்ததும்தான் பேனா நின்றுவிடுகிறது.

கோவைப் பக்கம் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் வேலை செய்யும் உதவிப் பேராசிரியை ஒருவரை எடுத்துக்கொள்வோம். துறைத்தலைவர் பரிந்துரைத்துவிட்டார். முதல்வர் கடிதத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: "மேடம், நீங்க கிளாஸுக்குக் கிளம்பிட்டா இங்க உங்க ஹவரை யார் எடுப்பாங்க?" நியாயமான கேள்வி. "பார்த்துக்கலாம் சார்" என்று பதில் சொன்னால் கடிதம் மேசையிலேயே கிடக்கும்.

எத்தனை நாள் வேண்டும் என்று எண்ணிக்கையோடு போவது நல்லது. விதிமுறைப்படி கோர்ஸ்வொர்க் குறைந்தது 12 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 15 மணி நேர வகுப்பு என்று வைத்தால், 12 கிரெடிட்டுக்கு 180 மணி நேரம். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் வகுப்பு நடந்தால் மொத்தம் 30 நாள். பல்கலைக்கழகம் சனிக்கிழமைகளில் வகுப்பு வைத்து, அவருடைய கல்லூரிக்கு ஒன்றுவிட்ட சனிக்கிழமை விடுமுறை என்றால், உண்மையில் கேட்க வேண்டியது 15 நாள்தான். அந்த 15 சனிக்கிழமைகளில் அவருடைய வகுப்புகளை எந்தச் சக ஆசிரியர் எடுப்பார், பதிலுக்கு அவர் எதை எடுத்துக்கொள்வார் என்பதை ஒரு தாளில் எழுதிக் காட்டினால் பேச்சின் போக்கே மாறிவிடும். ஆறு வருடத்துக்கு இவர் பாதி ஆள்தான் என்ற பயத்தில் இருந்த முதல்வர், இரண்டு செமஸ்டரின் சில சனிக்கிழமைகளைப் பற்றி மட்டும் யோசிப்பார்.

இந்த இடத்தில் நிர்வாகங்கள் ஒரு நடுவழி கண்டுபிடிப்பதும் உண்டு. 'கல்லூரிப் பணிக்கு எவ்விதப் பாதிப்பும் இல்லாமல் படிக்க அனுமதிக்கிறோம்' என்று எழுதிவிட்டு மூன்றாவது வாக்கியத்தை விட்டுவிடுவார்கள். படிக்க மரியாதையாகத்தான் இருக்கும். ஆனால் விதி கேட்கும் உறுதி அதில் இல்லை. அதனால் பல்கலைக்கழகம் தன் விண்ணப்பத்தோடு மாதிரிப் படிவம் கொடுத்திருந்தால், அதை அப்படியே தட்டச்சு செய்து எடுத்துப்போவதே மேல். கையெழுத்து யாருடையது என்பதும் முக்கியம். துறைத்தலைவர் பரிந்துரைக்கலாம்; உரிய அதிகாரி என்பவர் முதல்வரோ தாளாளரோதான். தனியார் கம்பெனியில் டீம் லீடர் அனுப்பும் மின்னஞ்சலை நம்பாமல் மனிதவளப் பிரிவின் கடிதம் வாங்க வேண்டும்.

கையெழுத்து கிடைக்கும் நேரத்தில் சில நிர்வாகங்கள், முடித்தபின் இத்தனை வருடம் இங்கேயே இருப்பேன் என்று பாண்ட் கேட்கும். கட்டணத்தையோ சம்பளத்தோடு விடுப்பையோ கொடுத்துப் படிக்க அனுப்பும் நிறுவனம் அப்படிக் கேட்பதில் அர்த்தமுண்டு. ஆட்சேபணை இல்லை என்று மட்டும் சொல்லும் நிறுவனத்துக்குச் செலவில்லை. அங்கே பாண்டைப் பேசிக் குறைக்கலாம், குறைந்தபட்சம் கையெழுத்திடும் முன் தொகையையும் காலத்தையும் படித்துப் பார்க்கலாம்.

அரசு வேலையில் இருப்பவர்களுக்கு வரிசை இன்னும் கறாரானது: உரிய வழியில் விண்ணப்பம், முன் அனுமதி, அதன்பிறகே சேர்க்கை. முன் அனுமதி இல்லாமல் பட்டம் வாங்கிவிட்டுப் பின்னேற்பு ஆணைக்காக அலைந்தவர்கள் தமிழ்நாட்டு ஆசிரியர்களிடையே நிறையப் பேர்.

கோவை ஆசிரியைக்கு இன்னொரு விஷயமும் நினைவில் இருக்க வேண்டும். பிஎச்.டி.க்குக் குறைந்தபட்சம் மூன்று ஆண்டு, வழக்கமான உச்சவரம்பு ஆறு ஆண்டு. அதற்குள் அவர் வேறு கல்லூரிக்கு மாறினால், பழைய முதல்வர் தந்த வாக்குறுதி புதிய முதல்வரைக் கட்டுப்படுத்தாது. பணிநியமனக் கடிதத்தில் கையெழுத்திடும் முன்பே, அதே மூன்று வாக்கியங்களைப் புது லெட்டர்ஹெட்டில் கேட்டு வாங்கி, நெறியாளர் மூலம் ஆய்வுப் பிரிவில் கொடுத்துவிட வேண்டும்.