பணிவு எங்கே ஒளிஞ்சிருக்கு?

டொராண்டோவில் இருக்கிற ஒரு நண்பர், அக்கா கல்யாணத்துக்குச் சென்னையில் ஒரு அச்சகத்தில் பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்தார். தமிழில் 200, இங்கிலீஷில் 100. பார்சலைப் பிரிச்சா, இங்கிலீஷ் பத்திரிகை 100-லும் முகூர்த்த நேரம் தப்பு. கல்யாணத்துக்கு இன்னும் ஆறு வாரம்தான்.

முதலில் இங்கிலீஷில் ஒரு மெயில் எழுதி, அதை வரிக்கு வரி தமிழாக்கி அனுப்பினார். நாலு நாள் பதிலே இல்லை. அப்புறம் வந்த பதிலில் கோபம்தான் இருந்தது, தேதி இல்லை.

அவர் இங்கிலீஷில் எழுதியது இதுதான்: 'வீ வேர் எ பிட் டிஸப்பாயின்டட். வுட் இட் பி பாஸிபிள் டு ரீபிரின்ட் தீஸ்?' டொராண்டோ ஆபீஸில் இது கறாரான மெயில். வார்த்தை மென்மையா இருந்தாலும், 'அடிச்சுக் கொடு' என்பதுதான் அர்த்தம்னு படிக்கிறவருக்குத் தெரியும்.

அவர் அனுப்பிய தமிழ்: 'நாங்கள் கொஞ்சம் ஏமாந்துவிட்டோம். முடிந்தால் திரும்ப அச்சடிக்க முடியுமா?'

இதில் முதல் வரி தேவைக்கு மேல சூடு. 'ஏமாற்றம்' என்றால் டிஸப்பாயின்ட்மென்ட், சரி. ஆனா 'ஏமாந்துவிட்டோம்' என்றால் யாரோ நம்மை ஏமாத்திட்டாங்கன்னு அர்த்தம். அச்சகக்காரர் காதில் அது 'நீ மோசடிக்காரன்' என்றுதான் விழும். இரண்டாவது வரி நேர் எதிர், தேவைக்கு மேல தணிவு. 'முடிந்தால்' ஒண்ணு, 'முடியுமா' இன்னொண்ணு. 'முடியாதுங்க' என்று சொல்ல நாமே கதவைத் திறந்து வெச்சுட்டோம்.

காரணம் இதுதான்: இங்கிலீஷில் பணிவு 'வுட்', 'குட்', 'எ பிட்' மாதிரி தணிப்பு வார்த்தைகளில் இருக்கு. தமிழில் அது பெரும்பாலும் வினைச்சொல்லின் வாலில் இருக்கு. 'அனுப்பு' சின்னவங்களுக்கும் நெருக்கமானவங்களுக்கும். 'அனுப்புங்கள்' மரியாதை. 'அனுப்பவும்' ஆபீஸ் தொனி, கொஞ்சம் விலகி நிற்கும். 'அனுப்பித் தாருங்கள்' என்றால் எனக்காகச் செய்யுங்கள் என்ற பணிவும் இருக்கு, செய்யணும் என்ற உறுதியும் இருக்கு. வால் சரியா இருந்தா, கோரிக்கையைத் தணிக்கவே வேண்டாம்.

நண்பர் இரண்டாவதாக அனுப்பிய மெயில்:

> வணக்கம் ஐயா,
>
> பத்திரிகைகள் வந்து சேர்ந்தன. தமிழ்ப் பத்திரிகைகள் நன்றாக வந்திருக்கின்றன. ஆனால் ஆங்கிலப் பத்திரிகைகள் 100-லும் முகூர்த்த நேரம் தவறாக அச்சாகியிருக்கிறது. நாங்கள் ஒப்புதல் கொடுத்த ப்ரூஃபில் நேரம் சரியாக இருந்தது. இரண்டின் படத்தையும் இணைத்திருக்கிறேன்.
>
> இந்த 100 பத்திரிகைகளையும் கட்டணமின்றித் திரும்ப அச்சடித்து, 15-ஆம் தேதிக்குள் அனுப்பித் தாருங்கள். என்று அனுப்புவீர்கள் என்பதை வெள்ளிக்கிழமைக்குள் தெரியப்படுத்துங்கள்.

'தவறாக அச்சடித்திருக்கிறீர்கள்' என்று எழுதாமல் 'அச்சாகியிருக்கிறது' என்று எழுதியதைக் கவனிங்க. யார் தப்புன்னு ப்ரூஃப் சொல்லிடும். அவர் முகம் வாடாமல் தப்பைத் திருத்த வழி கிடைக்கும்.

பதில் மறுநாளே வந்தது: 'தவறு நடந்துவிட்டது. கோபித்துக்கொள்ள வேண்டாம். 12-ஆம் தேதி அனுப்பிவிடுகிறோம். முகவரியை உடனே அனுப்பவும்.'

மாப்பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. இதை அப்படியே 'டோன்ட் பி ஆங்ரி. சென்ட் த அட்ரஸ் இமீடியட்லி' என்று இங்கிலீஷில் போட்டால், தப்பும் பண்ணிட்டு அதட்டுறாரேன்னு தோணும். உண்மையில் 'கோபித்துக்கொள்ள வேண்டாம்' என்பது இங்கே மன்னிப்பு. 'உடனே அனுப்பவும்' சாதாரண வியாபார நடை. அதனால் 'ஸாரி அபௌட் திஸ்' என்றும், 'குட் யூ ப்ளீஸ் சென்ட் த அட்ரஸ் அஸ் சூன் அஸ் யூ கேன்' என்றும் மாத்தணும். இந்தப் பக்கம் வரும்போது தணிப்பு வார்த்தையை நாமதான் சேர்க்கணும்.

ஆனா ஒரு எல்லை உண்டு. அவர் 'தவறு நடந்துவிட்டது' என்றுதான் எழுதினார், 'எங்கள் தவறு' என்று எழுதலை. 'அவர் மிஸ்டேக்' என்று மொழிபெயர்த்தால், அவர் ஒத்துக்காத பொறுப்பை நாம அவர் தலையில் கட்டுறோம். பின்னால பணத் தகராறு வந்தா அந்த ஒரு சொல்லே பிரச்சினையாகும்.

அனுப்புறதுக்கு முன்னாடி இரண்டு மெயிலையும் பக்கத்தில் வெச்சுப் பாருங்க. எது தப்பு, எத்தனை, என்ன வேணும், எந்தத் தேதிக்குள்ள, யார் பொறுப்பு: இந்த அஞ்சும் இரண்டிலும் ஒண்ணா இருக்கணும். மத்ததெல்லாம் மாறலாம்.

உங்க வீட்டில் இப்படித் தடம் மாறின மெயில் ஏதாவது இருந்தா, பேரை அழிச்சுட்டு இந்த மடலுக்கே பதிலா அனுப்புங்க.